தேயிலைத் தொழிற்சாலையில் தப்பிய விபத்துப் பதிவுப் படிவம்

தப்பிய விபத்து என்பது யாருக்கும் காயமின்றி முடிந்தாலும், ஒரு நொடியோ ஓர் அங்குலமோ மாறியிருந்தால் காயத்திலோ மரணத்திலோ முடிந்திருக்கக்கூடிய சம்பவம். அலுவலக வழக்கில் இதை 'நியர் மிஸ்' என்பர். அதைக் கண்டவரோ அதில் சிக்கித் தப்பியவரோ எழுதிக் கொடுக்கும் தாளே பதிவுப் படிவம். அந்தத் தாளின் மீது நிர்வாகம் என்ன செய்தது என்பதும் அதே தாளில் பதிவாக வேண்டும். இலங்கையின் மலையகத்தில், ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, நுவரெலியா பகுதித் தோட்டங்களில் தேயிலைத் தொழிற்சாலையை மக்கள் 'ஸ்டோர்' என்றே சொல்வர். அத்தகைய ஒரு ஸ்டோரில் இப்படிவம் எப்படி அமைய வேண்டும், எங்கே பழுதாகும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சட்டம் நிற்கும் இடம்

இலங்கையில் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டப்படி, ஒரு விபத்தில் தொழிலாளி இறந்தாலோ, மூன்று நாளுக்கு மேல் தன் வழமையான வேலையில் முழுச் சம்பளம் உழைக்க முடியாமல் போனாலோ, தொழில் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். நட்டஈட்டுக்கான சட்டம் அதற்கும் முந்தியது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். நட்டஈடு காயத்திலிருந்துதான் தொடங்குகிறது. கையுறை மட்டும் இயந்திரத்துக்குள் போய், கை வெளியே வந்துவிட்ட இரவைப் பற்றி இச்சட்டங்கள் எதையும் கேட்பதில்லை. 2018இல் வெளியான ஐஎஸ்ஓ 45001 என்ற பன்னாட்டுத் தரநிலை, காயம் விளைவிக்காத சம்பவத்தையும் 'சம்பவம்' என்ற சொல்லுக்குள் அடக்குகிறது. ஆயினும் அது விரும்பி ஏற்கும் நிறுவனங்களுக்கே பொருந்தும். எனவே ஸ்டோரில் இப்படிவம் பெரும்பாலும் நிர்வாகம் தானாக வைப்பது. வைத்தவருக்கே அதை மூடிவிடவும் முடியும் என்பதைத் தொழிலாளர் நன்றாக அறிவர்.

1974 டிசம்பர்

காயமில்லாத சம்பவத்தை எழுதி வாங்கும் முறை, விமானத்துறையில் ஒரு விபத்துக்குப் பிறகுதான் ஒழுங்காக வேரூன்றியது. 1974 டிசம்பர் 1ஆம் தேதி அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், டிடபிள்யூஏ நிறுவனத்தின் 514ஆம் இலக்க விமானம் வாஷிங்டன் அருகே தரையிறங்க வருகையில் மலையில் மோதி, அதிலிருந்த 92 பேரும் இறந்தனர். தரையிறங்க அனுமதி கிடைத்ததும் எவ்வளவு உயரத்துக்கு இறங்கலாம் என்பதில் விமானிகளுக்கும் கட்டுப்பாட்டாளருக்கும் இடையே புரிதல் மாறுபட்டிருந்தது. அதே இடத்தில், ஏறத்தாழ ஆறு வாரத்துக்கு முன்பு, யுனைட்டட் நிறுவனத்தின் விமானம் ஒன்று அதே குழப்பத்தில் சிக்கி மலையில் மோதாமல் தப்பியிருந்தது. அந்த விமானிகள் தங்கள் நிறுவனத்துக்கு அறிவித்தார்கள். நிறுவனமும் தன் விமானிகளை எச்சரித்தது. செய்தி அடுத்த நிறுவனத்துக்குப் போய்ச் சேரவில்லை.

டிடபிள்யூஏ விபத்துக்கு மூன்று நாள் கழித்து, டிசம்பர் 4ஆம் தேதி, இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகரை ஏற்றிக்கொண்டு கொழும்பில் தரையிறங்க வந்த மார்ட்டின்ஏர் விமானம் மஸ்கெலியாப் பக்கத்து ஏழு கன்னியர் மலையில் மோதியது. 191 பேர் இறந்தனர். காரணங்கள் வேறு, ஆயினும் இறங்கும் உயரத்தில் முன்னே மலை இல்லை என்ற தவறான நம்பிக்கை இரண்டிலும் இருந்தது. முதல் விபத்தின் விளைவாக 1976இல் அமெரிக்காவில் விமானப் பாதுகாப்பு அறிக்கை முறை உருவானது. அதை நடத்தும் பொறுப்பு, விமானிகளைத் தண்டிக்கும் அதிகாரம் கொண்ட மத்திய விமான நிர்வாகத்திடம் விடப்படாமல் நாசாவிடம் கொடுக்கப்பட்டது. எழுதுபவரின் பெயர் நீக்கப்படும். தற்செயலான விதிமீறலைப் பத்து நாளுக்குள் எழுதிவிட்டால் அபராதத்திலிருந்து விலக்கு உண்டு. குற்றச்செயலுக்கும் உண்மையாக நடந்துவிட்ட விபத்துக்கும் அந்த விலக்கு இல்லை. தண்டிப்பவர் கையில் தாள் போகக்கூடாது என்ற இந்த ஒரு முடிவே, பின்னர் வந்த எல்லாத் தொழிற்சாலைப் படிவங்களுக்கும் கிடைத்த பெரிய பாடம். ஸ்டோரில் பின்பற்றக் கடினமானதும் அதுதான்.

ஸ்டோரின் இரவு

தோட்டத்துக் கொழுந்து பகலில் வந்து சேர்கிறது. வாட்டும் தொட்டிகளில் விசிறிக் காற்றில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்கிறது. ஆகவே உருட்டல் பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பின்னரோ விடியலுக்கு முன்னரோ தொடங்கும். மேல் மாடியிலிருந்து வாடிய கொழுந்து தரையிலுள்ள துவாரங்களின் வழியே கீழே உள்ள ரோலரில் விழும். உருட்டிய இலை சல்லடைக்குப் போய், பெரிய பகுதி 'ரோட்டவேன்' என்ற அரைக்கும் இயந்திரத்துக்குள் செல்லும். பிறகு புளிக்க வைத்து, விறகு எரியும் அடுப்பின் வெப்பக்காற்றால் ட்ரையரில் உலர்த்தி, தூசு பறக்கும் சலிக்கும் அறையில் தரம் பிரிக்கிறார்கள். துவாரத்தில் கால் வழுக்குவது, ஓடும் ரோலரில் கைபடுவது, ட்ரையரின் தூசில் தீப்பொறி விழுவது, அடுப்பு வாயிலிருந்து சுவாலை பின்னோக்கி வருவது என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனி ஆபத்து உண்டு. இவற்றில் பெரும்பங்கு துரையும் ஆபீசும் உறங்கும் நேரத்தில் நடக்கிறது. பார்த்தவர் சொல்லாவிட்டால் விடிந்ததும் அந்தச் செய்தி மறைந்துவிடும்.

ஸ்டோரில் ஏற்கெனவே ஒரு காவல் நம்பிக்கை இருக்கிறது. இயந்திரச் சக்கரத்தை 'ரோதை' என்று சொல்லும் வழக்கிலிருந்து வந்த ரோதை முனி வழிபாடு மலையகத் தொழிற்சாலைகளில் இன்றும் காணப்படுகிறது. கை தப்பினால் முனி காப்பாற்றியது என்று சொல்வது இயல்பு. படிவம் இந்த நம்பிக்கைக்கு எதிராகப் பேச வேண்டியதில்லை. 'எது காத்தது?' என்ற கேள்விக்கு 'சாமி புண்ணியம்' என்ற விடை வந்தால், அதை வாசிப்பவர் ஒரு தொழில்நுட்பத் தகவலாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்: அந்த இடத்தில் மறைப்பும் இல்லை, நிறுத்துப் பொத்தானும் கைக்கு எட்டவில்லை என்பதே அதன் பொருள்.

தாளின் அமைப்பு

நல்ல படிவம் அரைத்தாளுக்கு மேற்படாது. தொழிலாளிக்குத் தமிழிலும் சிங்களத்திலும் இருக்க வேண்டும்; ஆங்கிலப் பெயர்ப்பு ஆபீசின் வேலை. முதற்பகுதியில் தேதி, நேரம், எந்த இயந்திரம், என்ன நடந்தது, என்ன நடந்திருக்கலாம், எது காத்தது, அந்தக் கணத்தில் என்ன செய்தீர்கள், என்ன செய்தால் மறுபடி நடக்காது என்பவை மட்டும். கடைசிக் கேள்வி பணிவுக்காகச் சேர்ப்பதல்ல. இயந்திரத்தின் பக்கத்தில் பத்து வருடம் நின்றவருக்கு அதன் கோளாறு ஃபிட்டரைவிட முன்பே தெரியும். எழுதச் சிரமப்படுபவருக்காக இன்னொருவர் எழுதலாம். சொன்னவரின் வாய்ச்சொல் மாறாமல் எழுத வேண்டும்.

'யார் தவறு' என்ற கட்டம் தாளில் இருக்கக்கூடாது. அந்தக் கட்டம் இருந்தால் எழுதுபவர் தன் பெயரை நிரப்பமாட்டார். தனக்குப் பிடிக்காத ஆளின் பெயரை நிரப்புவார். பெயர் எழுதுவது விருப்பம். ஆனால் இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும்: ஒரு ஷிப்டில் பதினைந்து இருபது பேர் மட்டுமே வேலை செய்யும் ஸ்டோரில் பெயரை மறைப்பது வெறும் பாவனை. மூன்றாம் ரோலர், அதிகாலை மூன்று மணி என்று படித்தவுடன் யார் நின்றார் என்பது டீமேக்கருக்குத் தெரிந்துவிடும். விமானத்துறையின் இரகசியப் பாதுகாப்பு இங்கே கிடைக்காது. அதற்கு ஈடாக எழுத்தில் ஒரு வாக்குறுதி வேண்டும். தாளில் எழுதியதற்காக யாருக்கும் பேர் வெட்டப்படாது, அரைப்பேர் போடப்படாது, எச்சரிக்கைக் கடிதம் வராது என்று துரை கையொப்பமிட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். வேண்டுமென்றே இயந்திரத்தைக் கெடுத்தல், மது அருந்திவிட்டு இயக்குதல் ஆகிய இரண்டும் இதற்கு விலக்கு என்பதையும் அதே தாளில் சொல்லிவிட வேண்டும். பின்னர் சொன்னால் ஏமாற்றியது போலாகும்.

தாளைப் போடும் பெட்டி டீமேக்கரின் மேசையில் இருக்கக்கூடாது. சாவி இருவரிடம்: தொழிற்சாலை அலுவலர் ஒருவர், தொழிலாளர் தேர்ந்த ஒருவர். தோட்டத் தலைவர்களுள் ஒருவரை அந்த இரண்டாம் இடத்துக்குச் சிலர் விரும்புவர்; வேறு சிலர் தொழிற்சங்கப் போட்டி தாளுக்குள் வந்துவிடும் என்று தயங்குவர். இரண்டுக்கும் நியாயம் உண்டு. சலிக்கும் அறையில் பெண்கள் நிறைய வேலை செய்வதால் அவர்களுள் ஒருவர் தாள்களை ஆராயும் குழுவில் இல்லாவிட்டால், அந்த அறையிலிருந்து தாள் வருவது அரிது.

இரண்டாம் பகுதி குழு நிரப்ப வேண்டியது: நடந்திருந்தால் எவ்வளவு பெரிய காயம், என்ன காரணங்கள், யார், எந்தத் தேதிக்குள், என்ன செய்வார், அதைச் செய்த பிறகு வேறொருவர் போய்ப் பார்த்தாரா. கடைசி வரி: சொன்னவருக்குப் பதில் சொல்லப்பட்டதா. இந்த வரி காலியாக இருக்கும்வரை தாள் மூடப்பட்டதாகக் கணக்கில் வராது. தாளின் ஓரத்தில் கிழித்துக் கொடுக்கும் இலக்கத் துண்டு ஒன்றை வைத்தால், பெயர் எழுதாதவரும் பலகையில் தன் இலக்கத்தைப் பார்த்து என்ன ஆயிற்று என்று அறிந்துகொள்வார்.

ஒரு தாள், படிப்படியாக

முறை எப்படி வேலை செய்யும் என்பதற்கு ஒரு மாதிரிப் பதிவை எடுத்துக்கொள்ளலாம். சம்பவம் கற்பனை, ஆபத்து கற்பனையல்ல.

'ரோட்டவேன்ல கொழுந்து அடைச்சுக்கிச்சு. கைய உட்டுத் தள்ளினேன். கிளவுஸ் இழுத்துக்கிச்சு, கைய உருவிட்டேன். எது காத்தது: கிளவுஸ் பெரிசு, லூசா இருந்திச்சு.' நேரம் அதிகாலை 3.10.

அவசரக்காரர் இந்தத் தாளில் ஒரு முடிவையே காண்பார்: 'ஓடும் இயந்திரத்தில் கை விடக்கூடாது என்று அறிவுறுத்தப்பட்டது.' தாள் மூடப்படும். அடுத்த வாரம் இன்னொரு கை உள்ளே போகும். காரணம், தள்ளியவருக்கு அந்த விதி தெரியாமல் இல்லை. தெரிந்தும் ஏன் கை விட்டார் என்பதே கேள்வி.

குழு காலையில் அதே இடத்தில் நின்று கேட்கத் தொடங்குகிறது. கொழுந்து ஏன் அடைத்தது? வாட்டம் போதாமல் ஈரமாக இருந்தது. உருட்டியதும் கட்டி கட்டியாகச் சேர்ந்தது. வாட்டம் ஏன் போதவில்லை? இரவு மின்சாரம் நின்றபோது விசிறிகள் இரண்டு மணி நேரம் ஓடவில்லை. அப்படியிருந்தும் ஏன் வழக்கமான நேரத்திலேயே உருட்டினார்கள்? அடுத்த நாள் கொழுந்துக்குத் தொட்டி காலியாக வேண்டும். உருட்டும் நேரத்தைத் தள்ளிப்போட இரவில் யாருக்கு அதிகாரம் என்பது சொல்லப்படவில்லை. அடைத்தால் தள்ள மரக்கட்டை இருக்க வேண்டுமே? போன மாதம் முறிந்தது. ஃபிட்டரிடம் வாயால் சொன்னார்கள். இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தள்ளியிருக்கலாமே? நிறுத்தும் சுவிட்ச் எதிர்த்தூணில் இருக்கிறது. நிறுத்தினால் பின்னால் வரும் சல்லடையும் நின்று டூல் குவியும். அதற்கு வசவு கிடைக்கும். வாயின் மேல் கம்பிவலை ஏன் இல்லை? கழுவும்போது கழற்றியவர்கள் போல்ட் இரண்டு தொலைந்ததால் திரும்பப் போடவில்லை.

ஒரு கையுறைக்குப் பின்னால் ஐந்து தனித்தனிக் காரணங்கள். இவற்றுக்கு ஒரே மருந்து கிடையாது. மருந்துகளுக்குள் தரவேற்றுமையும் உண்டு. கம்பிவலையை, கருவியில்லாமல் கழற்ற முடியாத கீலுடன் பற்ற வைத்துவிட்டால், தூக்கக் கலக்கத்தில் இருப்பவரின் கையும் உள்ளே போகாது. இதுவே முதலில் செய்ய வேண்டியது. அதைப் போட்டுச் சரிபார்க்கும்வரை அந்த இயந்திரம் ஓடக்கூடாது. கைக்கெட்டும் தூரத்தில் நிறுத்துப் பொத்தான் ஒன்று ஒரு வாரத்துக்குள். புதிய மரக்கட்டை அன்றைக்கே, கயிற்றில் கட்டி. மின்தடைக்குப் பிறகு உருட்டும் நேரத்தைத் தள்ளலாம் என்று இரவு டீமேக்கருக்கு எழுத்தில் அனுமதி. அறிவுரை கடைசியில் வருகிறது. கையுறையைப் பொறுத்தவரை குழு ஒரு சங்கடமான முடிவுக்கு வரும்: சுழலும் இயந்திரத்தின் அருகே கையுறை கையைக் காப்பதைவிட உள்ளே இழுப்பதே அதிகம். தொளதொளப்பாக இருந்ததால் இம்முறை கழன்றது. இறுக்கமாக இருந்திருந்தால் கையும் சேர்ந்து போயிருக்கும். எனவே 'கையுறை காத்தது' என்ற விடையை வைத்து எல்லாருக்கும் கையுறை வாங்கினால் ஆபத்து கூடும்.

பின்தொடர்தல் இத்துடன் முடிவதில்லை. ஒரு மாதம் கழித்து ஒருவர் அறிவிக்காமல் அதிகாலை மூன்று மணிக்குப் போய்ப் பார்க்க வேண்டும். வலை கீலில் இருக்கிறதா, அல்லது கம்பியால் கட்டித் திறந்து வைத்திருக்கிறார்களா? திறந்து வைத்திருந்தால் அதுவும் குற்றமாகப் பார்க்கத்தக்கதல்ல. வலை வழியே கொழுந்து போதிய வேகத்தில் இறங்கவில்லை என்ற புதிய தகவல் அது. வலையின் கண்ணையோ வாயின் சரிவையோ மாற்ற வேண்டியிருக்கும்.

எண்ணிக்கையின் பொய்கள்

தப்பிய விபத்துகளைப் பற்றிப் பேசுபவர் பலர், 1931இல் ஹெர்பர்ட் ஹைன்ரிச் எழுதிய விகிதத்தை மேற்கோள் காட்டுவர்: ஒரு பெருங்காயத்துக்கு 29 சிறுகாயம், 300 காயமற்ற சம்பவம். அந்த விகிதத்துக்கு அடிப்படையான பதிவுகள் பிற்கால ஆய்வாளர் சரிபார்க்கக் கிடைக்கவில்லை. ஒரு ஸ்டோரில் அதை வாய்ப்பாடாகப் பயன்படுத்துவதில் பொருள் இல்லை. வழுக்கி விழும் சம்பவங்களை நூறு எண்ணினாலும் ட்ரையர் தீயைப் பற்றி எதுவும் தெரிய வராது.

முறை தொடங்கிய முதல் மாதங்களில் தாள்கள் கூடினால் ஆபத்து கூடியது என்று பொருளல்ல; இதுவரை சொல்லப்படாதது இப்போது சொல்லப்படுகிறது. மாறாக, தாள் ஒன்றும் வராத மாதமே விசாரிக்கத் தக்கது. மாதத்துக்கு இத்தனை தாள் கட்டாயம் என்று இலக்கு வைத்தால் இலக்கு நிறைவேறும், வேறெதுவும் நிறைவேறாது. அப்படி எழுதப்பட்டவை எளிதில் தெரிந்துவிடும்: மாதக் கடைசி நாளில் ஒரே கையெழுத்தில் ஏழெட்டுத் தாள், எல்லாம் ஈரத் தரை, எல்லாம் பகல் ஷிப்ட், எதிலும் இயந்திர இலக்கம் இல்லை, எதிலும் மேற்பார்வையாளரின் கட்டளை காரணமாகச் சொல்லப்படவில்லை. உண்மையான தாள்களில் நேரம் துல்லியமாக இருக்கும். எழுதியவருக்குச் சற்று அவமானம் தரும் விவரம் ஒன்றாவது இருக்கும். சிறந்த தாளுக்குப் பரிசு கொடுப்பதும் இதே காரணத்தால் ஐயத்துக்குரியது. போல்ட் இரண்டு வாங்கி மாட்டுவது அதைவிட மலிவு; தொழிலாளர் நம்புவதும் அதைத்தான்.

முதல் பத்துத் தாள்களுக்கு என்ன நடந்தது என்பதை ஸ்டோர் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும். அவற்றில் ஒன்றுக்கு வசவு விழுந்தால் பதினோராவது தாள் வராது. அந்த மௌனத்தைப் பின்னர் எந்தக் கூட்டம் வைத்தும் கலைப்பது கடினம். தாமதமும் ஏறத்தாழ அதே விளைவைத் தரும். பணம் ஒதுக்க முடியாததால் ஒரு வேலை செய்யப்படவில்லை என்றால், அதைப் பலகையில் அப்படியே எழுதிவிடுவது 'பரிசீலனையில் உள்ளது' என்று ஆறு மாதம் தொங்கவிடுவதைவிட நல்லது. அந்த வேலை முடியும்வரை இடைக்காலக் காவல் என்ன என்பதும் அதன் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

ஒரு ஸ்டோரின் தாள் அடுத்த தோட்டத்துக்குப் போய்ச் சேரும் வழியும் வேண்டும். ஒரே கம்பெனியின் கீழ் பல ஸ்டோர்கள் ஒரே வகை ரோட்டவேனை ஓட்டுகின்றன. ஓரிடத்தில் கழன்ற வலை மற்ற இடங்களிலும் கழன்றிருக்கக்கூடும். பெயரும் தோட்டமும் நீக்கி, இயந்திரமும் காரணமும் மட்டும் கொண்ட ஒரு பக்கத்தை மாதந்தோறும் டீமேக்கர்களுக்கிடையே சுற்றுக்கு விடுவது போதுமானது.

இப்படிவத்துக்குள் அடங்காதவையும் உண்டு. சலிக்கும் அறையின் தேயிலைத் தூசு நெஞ்சைப் பாதிப்பது, விசிறியும் ரோலரும் எழுப்பும் இரைச்சலில் காது மெல்ல மந்தமாவது, மூட்டை தூக்கி இடுப்பு தேய்வது ஆகியவற்றில் 'தப்பிய' கணம் என்று ஒன்றில்லை. குறிப்பிட ஒரு நேரமும் இல்லை. அவை தூசு அளவீட்டிலும் இரைச்சல் அளவீட்டிலும் மருத்துவச் சோதனையிலும்தான் தெரிய வரும். அவற்றுக்கான பதிவேடு தனியாக இருக்க வேண்டும்.